கேற் பூட்டியிருந்தது என்றுதான் நினைத்தேன்

எங்கள் வீட்டின் பக்கவாட்டில் ஒரு மரக் கேற் இருக்கிறது. அப்பா அதைப் படலை என்பார். நவம்பர் மாதத் திங்கட்கிழமை இரவு ஒன்றில் குப்பைத் தொட்டியை வீதிப் பக்கம் உருட்டி வைத்துவிட்டு, அந்தக் கேற்றைக் காலால் தள்ளிச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. கொளுக்கி விழுந்த சத்தம் என்று நினைத்தேன். அது மழையில் ஊதிப்போன பலகை நிலையில் முட்டிய சத்தம்.

அரை மணித்தியாலம் கழித்து மிளகைப் பின்வளவுக்கு விட்டேன். அடுத்த தெருவில் யாரோ ஒரு வாணம் விட்டார்கள். மிளகு ஒரு தடவை சுற்றினாள், கேற்றை நோக்கி ஓடினாள், மூக்கால் இடித்தாள். கேற் வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டது. நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீதிக்கு வந்தபோது அவள் இல்லை.

மிளகு ருமேனியாவில் தெருவில் பிறந்த நாய். மீட்பு அமைப்பு ஒன்றின் மூலம் எங்கள் வீட்டுக்கு வந்து 7 வாரங்கள்தான் ஆகியிருந்தன. கறுப்பு உடம்பில் ஆங்காங்கே நரை தூவியதுபோல இருக்கும், அதனால் அப்பா வைத்த பெயர். அம்மா போனபிறகு அப்பா வீட்டை விட்டு வெளியே போவதையே நிறுத்தியிருந்தார். மிளகு வந்த பிறகு காலை 7 மணிக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். அன்றிரவு அவர் கையில் நாயின் கயிறு இருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் முதலில் செய்தது எல்லாமே பிழை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் நாய் இருக்கலாம், இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டு நாய் ஒருநாள் ஓடலாம்.

இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டேன். டோர்ச் லைட்டுடன் ரேனர்ஸ் லேன் தெருக்களில் "மிளகு, மிளகு" என்று கத்திக்கொண்டு திரிந்தோம். இரவு பத்தரை மணிக்கு ஒரு பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் அவளைக் கண்டேன். இருபது அடி தூரம்தான் இருக்கும். என்னைப் பார்த்தாள். நான் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடினேன். அவள் திரும்பி வீதியின் குறுக்காக ஓடினாள். ஒரு கார் பிரேக் போட்ட சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. கார் அவளில் படவில்லை. ஆனால் அவள் ரயில் பாதைப் பக்கம் போய்விட்டாள்.

என்னை அடையாளம் தெரியவில்லையா என்று அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளங்கியது. பயந்து ஓடும் நாய்க்கு அந்த நேரத்தில் எசமான், அந்நியன் என்ற பிரிவு இல்லை. நேரே வருகிற, உரக்கக் கத்துகிற எதுவும் துரத்துகிற மிருகம்தான். வீட்டில் கூப்பிட்டால் ஓடிவரும் நாய்கூட அந்த நிலையில் தன் பெயரைக் கேட்டு ஓடும். புதிதாக வீட்டுக்கு வந்த நாய் என்றால் சொல்லவே வேண்டாம்.

செவ்வாய் காலையில் தொலைபேசி வேலைகளை ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் தெருவில் பிடிபடும் நாய்களுக்குப் பொறுப்பு பொலிஸ் அல்ல, உள்ளூர் கவுன்சில்தான். கவுன்சில் பிடித்த நாயை 7 நாட்கள் வைத்திருப்பார்கள். யாரும் உரிமை கோராவிட்டால் அதன்பிறகு வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம். ஆகவே காத்திருக்க நேரமில்லை. எங்கள் வீடு ஹரோ கவுன்சிலுக்குள் இருந்தாலும் கொஞ்சத் தூரம் நடந்தால் ஹில்லிங்டன் வந்துவிடும். நாய்க்கு அந்த எல்லை தெரியாது. இரண்டு இடத்துக்கும் சொன்னேன். ரயில் பாதைக்குள் இறங்கித் தேடவேண்டாம் என்று ஒரு நண்பன் தடுத்தது நல்லதாய்ப் போயிற்று. அந்தத் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மின்சாரம் ஓடும் கம்பிகள் இருக்கின்றன. அங்கே நாயைக் கண்டால் ரயில் நிலையத்தில் வேலை செய்பவர்களிடம்தான் சொல்லவேண்டும்.

அடுத்தது மைக்ரோசிப். இங்கே 2016 ஏப்ரலிலிருந்து நாய்களுக்கு அது கட்டாயம். பலர் அதை ஜிபிஎஸ் என்று நினைக்கிறார்கள். அதற்குள் பற்றரி கிடையாது. வாசிக்கும் கருவியை நாயின் தோளுக்குக் கிட்டப் பிடித்தால் ஓர் இலக்கம் வரும், அவ்வளவுதான். அந்த இலக்கத்துக்கு எதிரே பதிவேட்டில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மிளகின் இலக்கத்துக்கு எதிரே இன்னும் மீட்பு அமைப்பின் நம்பர் இருந்தது. மாற்றவேண்டும் என்ற மின்னஞ்சல் வந்து ஒரு மாதமாக என் இன்பொக்ஸில் கிடந்தது. அன்றைக்கு மாற்றினேன், 'காணாமல்போனது' என்றும் குறிக்கச் சொன்னேன். கழுத்துப் பட்டியில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்பதும் இங்கே சட்டம். அது நல்லவேளையாக இருந்தது.

பிறகு போஸ்டர். மத்தியானத்துக்குள் 40 அடித்து ஒட்டினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: "எங்கள் அன்புக்குரிய மிளகு திங்கள் இரவு காணாமல் போய்விட்டாள். எங்கள் குடும்பமே உடைந்துபோயிருக்கிறது. கறுப்பு நிறம், நரை, முன் இடது பாதம் வெள்ளை, வலது காது நுனியில் சிறு வெட்டு. மிகவும் பயந்த சுபாவம். தயவுசெய்து பிடித்து வைத்து எங்களுக்கு அறிவியுங்கள். பெரும் சன்மானம்." கீழே அவள் சோபாவில் மல்லாக்கப் படுத்திருக்கும் படம். எங்களுக்குப் பிடித்த படம்.

அடுத்த 24 மணித்தியாலத்தில் 4 அழைப்புகள் வந்தன. இரண்டு பேர் அனுதாபம் சொன்னார்கள். மூன்றாவது ஒரு பள்ளிக்கூடப் பையன். பூங்காவில் அவளைக் கண்டு சன்மானத்துக்காகக் கூட்டாளிகளோடு பிடிக்கப் போனானாம், அவள் ஓடிவிட்டாளாம். அவன் பிழையில்லை, பிடிக்கச் சொல்லி எழுதியதே நான்தான். நான்காவது ஆள் நாய் தன்னிடம் இருப்பதாகவும், முதலில் பணம் அனுப்பினால்தான் முகவரி தருவதாகவும் சொன்னான். அடையாளம் கேட்டேன். வெள்ளைப் பாதம், காதில் வெட்டு என்று சரியாகச் சொன்னான். சொல்லாமல் என்ன செய்வான், எல்லாவற்றையும் போஸ்டரில் எழுதிவைத்தது நான்தானே. இப்போதே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னதும் போனை வைத்துவிட்டான்.

புதன் பின்னேரம் ஐந்தாவது அழைப்பு வந்தது. காணாமல்போன நாய்களைத் தேட உதவும் தொண்டர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரப் பெண்மணி. "உன்னுடைய போஸ்டரை நான் காரில் இருந்து பார்த்தேன்," என்றார். "ஏதோ நாய் என்று மட்டும்தான் தெரிந்தது. இறங்கி வந்து வாசித்தேன். மற்றவர்கள் இறங்கமாட்டார்கள்."

அவர் சொன்னதன் சாரம் ஒன்றுதான். போஸ்டர் உன் கவலையைச் சொல்வதற்கான இடமல்ல. வழியில் போகும் ஒருவர் செய்யவேண்டிய ஒரேயொரு காரியத்தைச் சொல்லும் இடம். அந்தக் காரியம் நாயைப் பிடிப்பதல்ல. கண்ட உடனே, எங்கே எத்தனை மணிக்குக் கண்டோம் என்று போன் பண்ணுவது. நாயை நாங்கள்தான் பிடிக்கவேண்டும், மற்றவர்கள் எங்களுக்குக் கண்ணாக இருந்தால் போதும்.

அன்றிரவு இரண்டாவது போஸ்டர் செய்தோம். மேலே பெரிய எழுத்தில் "நாய் காணவில்லை". நடுவில் அவள் பக்கவாட்டாக நிற்கும் படம், ஏனென்றால் வீதியில் காண்பவர்களுக்கு நாய் அப்படித்தான் தெரியும், மல்லாக்க அல்ல. படத்துக்குக் கீழே "துரத்தாதீர்கள். கூப்பிடாதீர்கள். உடனே போன் பண்ணுங்கள்." அதற்குக் கீழே போன் நம்பர், தாளின் அகலம் முழுக்க. ஓடிய திகதி ஒரு மூலையில். வேறொன்றும் இல்லை. பெயரை எடுத்துவிட்டோம், பெயர் இருந்தால் ஆட்கள் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். சன்மானத்தை எடுத்துவிட்டோம், பணம் என்றால் ஆட்கள் துரத்துவார்கள். வீட்டு முகவரியும் இல்லை. காதின் வெட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். இனி யாராவது நாய் தன்னிடம் இருப்பதாகச் சொன்னால் கேட்பதற்கு ஓர் அடையாளம் எங்களிடம் மட்டும் இருக்கவேண்டும். முதல் போஸ்டர்களையும் தேடித்தேடிக் கழற்றினோம்.

தாளிலும் ஒரு பாடம் இருந்தது. என் வீட்டு இங்ஜெட் பிரிண்டரில் அடித்த முதல் 40-ம் செவ்வாய் இரவு மழையில் நீலமாகக் கரைந்து வழிந்திருந்தன. இரண்டாவதைக் கடையில் லேசர் பிரிண்டரில், கண்ணைக் குத்தும் மஞ்சள் தாளில் அடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டினோம். வாய் மேலே இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே நிற்கும். கட்டிய இடங்களும் மாறின. வரிசையாக ஒவ்வொரு மின்கம்பத்திலும் அல்ல. கார்கள் நிற்கவேண்டிய சந்திகள், பஸ் தரிப்பிடங்கள், பூங்கா வாசல்கள், பள்ளிக்கூட வாசல் ஆகிய இடங்களில் மட்டும். கடைகளிலும் வீட்டு வேலிகளிலும் கேட்டுக் கட்டினோம்.

வியாழன் ஒரே நாளில் 9 அழைப்புகள். ஒவ்வொன்றையும் நேரம், இடம், எந்தப் பக்கம் போனது, ஓடியதா நடந்ததா என்று ஒரு தாளில் எழுதி, வரைபடத்தில் புள்ளி வைத்தேன். அதில் இரண்டு வேறு நாய்கள் என்று கேள்வி கேட்டதிலேயே தெரிந்துவிட்டது. மிச்சம் ஏழும் ஒரு கோட்டில் விழுந்தன. யெடிங் புரூக் என்ற சிற்றோடை ரொக்ஸ்போர்ன் பூங்கா வழியாகப் போகிறது. பயந்த நாய் திறந்த வெளியைத் தவிர்த்து ஓடைக்கரை, வேலி ஓரம், புதர் வழியாகத்தான் போகும். எல்லாப் புள்ளிகளும் விடியற்காலையும் இருட்டிய பிறகும் மட்டும். பகலில் ஒன்றுகூட இல்லை. நாங்களோ பகல் முழுக்க அலைந்து, இரவு நித்திரை கொண்டிருந்தோம்.

ஆனால் அவள் எங்கே சாப்பிடுகிறாள் என்று தெரியவில்லை. மூன்று நாளாகியும் குப்பைத் தொட்டிகள் பக்கம் யாரும் காணவில்லை.

அதற்குப் பதில் அப்பாவிடமிருந்து வந்தது. வியாழன் இரவு மஞ்சள் போஸ்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, விடியப்பறம் நடக்கிறது ஆர்? எங்கட சனம்தானே," என்றார். "இதை ஆர் வாசிக்கிறது?"

உண்மைதான். விடிகாலை ஆறரைக்கு அந்தப் பூங்காவில் சால்வை சுற்றிக்கொண்டு நடப்பவர்களில் பாதிப்பேர் எங்கள் அம்மம்மாக்கள், தாத்தாக்கள். மற்றவர்களில் குஜராத்திப் பாட்டிகள் அதிகம். ஆங்கிலப் போஸ்டரை அவர்கள் ஒரு படமாகத்தான் பார்த்திருப்பார்கள். வாசித்தாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லவேண்டுமே என்று போன் எடுத்திருக்கமாட்டார்கள். அப்பாவே தன் கையெழுத்தில் தமிழில் எழுதினார்: "இந்த நாயைக் கண்டால் துரத்த வேண்டாம், கூப்பிட வேண்டாம். எங்கே கண்டீர்கள் என்று சொல்லுங்கள். தமிழில் கதைக்கலாம்." நம்பர் அவருடையது. பக்கத்து வீட்டு அன்ரி குஜராத்தியில் எழுதித் தந்தார்.

வெள்ளி காலை அதைத் தமிழ்க் கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்திலும் கோயில் செருப்பு வைக்கும் இடத்திலும் ஒட்டினோம். தமிழ்ப் பள்ளி வட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். குழுவில் போடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை: எழுத்தாக அனுப்பினால் ஒவ்வொருவரும் ஒரு வசனம் சேர்த்து அனுப்புவார்கள். என்னுடைய முதல் செய்தி செவ்வாய் மாலையே "கடிக்கும் நாய், கவனம்" என்ற வாலோடு திரும்பி என்னிடமே வந்தது. ஆகவே இரண்டாவது தடவை நம்பரும் திகதியும் உள்ளே இருக்கும் படமாக மட்டும் அனுப்பினேன். படத்தில் யாரும் கைவைக்கவில்லை.

வெள்ளி மத்தியானம் அப்பாவின் போன் அடித்தது. ஓர் அம்மம்மா. வீடு பூங்காவுக்குப் பின்னால். பின்வளவுக் கதவு நேரே ஓடைப் பக்கம் திறக்கும்.

"தம்பி, அந்தக் கறுத்த நாய்தானே? அது செவ்வாய்க்கிழமையில இருந்து விடிய விடிய வருது. நான் மிஞ்சின சோறு வைக்கிறனான். ஆரோ விட்டுட்டுப் போன நாய் எண்டு நினைச்சன்."

செவ்வாயிலிருந்து. எங்கள் முதல் போஸ்டர் அவர் வீட்டு முன்வாசலில் இருந்து ஐம்பது அடியில் தொங்கியது.

தபால்காரப் பெண்மணியிடம் சொன்னேன். அவர் சொன்ன முதல் வார்த்தை, "யாரும் அங்கே போகாதீர்கள்." நாய் ஓர் இடத்தை நம்ப ஆரம்பித்துவிட்டது, அதைக் குலைக்கக் கூடாது. அம்மம்மா வழக்கமான நேரத்தில் வழக்கமான இடத்தில் சாப்பாடு வைக்கட்டும். ஆனால் கோப்பையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வளவுக்குள் நகர்த்தட்டும். பூங்காவின் மற்றப் பக்கங்களில் யாரும் சாப்பாடு வைக்கவேண்டாம். சோற்றில் வெங்காயம் இருக்கக்கூடாது, அது நாய்க்கு நஞ்சு. அப்பாவின் பழைய சுவெற்றர் ஒன்றைக் கோப்பைக்குப் பக்கத்தில் போட்டோம். ஒரு சின்னக் கமெராவைத் தொட்டிக்குப் பின்னால் வைத்தோம்.

வெள்ளி இரவு வாசலில் வைத்ததைத் தின்றாள். சனி விடியற்காலை ஆறடி உள்ளே. சனி இரவு சுவெற்றரின் மேல் இருபது நிமிடம் படுத்திருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அப்பா எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

ஞாயிறு விடியப்பறம் ஐந்து மணிக்கு நானும் அப்பாவும் அம்மம்மாவின் வீட்டுக்குள் இருந்தோம். வளவுக் கேற்றில் ஒரு நைலோன் கயிறு கட்டி, வேலி ஓரமாக குசினி யன்னல்வரை கொண்டுவந்திருந்தோம். சனி பகலில் அதை இருபது தடவை இழுத்துப் பார்த்திருந்தேன், கொளுக்கி தானாக விழுகிறதா என்று. அவசரப்பட்டு நாய் பாதி உள்ளே வரும்போது இழுத்தால், கேற் அவளில் படும். பிறகு அந்த வளவுக்கு அவள் வரவே மாட்டாள். ஆகவே கமெராவில் அவள் தலை கோப்பைக்குள் போகும்வரை காத்திருக்கவேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஆறு பத்துக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். தலை கோப்பைக்குள் போனது. இழுத்தேன். கொளுக்கி விழுந்தது. அவள் துள்ளி வேலி ஓரமாக இரண்டு சுற்று ஓடினாள். அப்பா கதவைத் திறந்து படியில் இறங்கி, அவளைப் பார்க்காமல், பக்கவாட்டாகத் திரும்பி ஈரப் புல்லில் இருந்தார். கூப்பிடவில்லை. கையில் கோழித் துண்டு. அவருடைய முழங்காலுக்கு அது எவ்வளவு நோவு என்று எனக்குத் தெரியும். பதினைந்து நிமிடம் இருக்கும். மிளகு காற்றை மோந்தாள், ஓரடி வந்தாள், நின்றாள், சுவெற்றரை மோந்தாள். பிறகு முழு உடம்பும் ஆட அவர் மடிக்குள் ஏறினாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் முதலில் கயிற்றைக் கொளுவினார், பிறகுதான் கட்டிப்பிடித்தார்.

அன்றே எல்லாப் போஸ்டர்களையும் கழற்றினோம், குழுக்களில் 'கிடைத்துவிட்டாள்' என்று படமாகப் போட்டோம். பழைய போஸ்டர் தொங்கினால் அடுத்த நாய் காணாமல்போகும்போது யாரும் பார்க்கமாட்டார்கள்.

இனிக் கேற். பிழை அங்கேதானே தொடங்கியது. மரக் கேற் மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். கோடையில் சரியாக விழுந்த கொளுக்கி நவம்பரில் கம்பிக்கு மேலேயே நிற்கலாம். சத்தம் மட்டும் அதேபோல் கேட்கும். ஆகவே தள்ளிப் பார்ப்பது சோதனை அல்ல, சாத்தியபிறகு இழுத்துப் பார்ப்பதுதான் சோதனை. எங்கள் கேற் வெளிப்பக்கம் திறந்ததால் நாய் இடித்ததும் வழிவிட்டது. கீல்களை மாற்றி உள்பக்கம் திறக்கும்படி செய்தேன். இப்போது நாய் எவ்வளவு இடித்தாலும் கேற் நிலையோடுதான் இறுகும். தானாகச் சாத்தும் ஸ்பிரிங் ஒன்றும், மூக்குக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் போட்டேன். ஸ்பிரிங் போட்டவர்கள் ஒரு விஷயம் பார்க்கவேண்டும்: முழுக்கத் திறந்துவிட்டால் மட்டுமல்ல, ஒரு சாண் அளவு திறந்துவிட்டாலும் கொளுக்கி தானாக விழவேண்டும். பாதித் திறப்பில் வேகம் போதாமல் சும்மா சாய்ந்து நிற்கும் கேற்றுகள்தான் அதிகம். கீழ் இடைவெளியையும் அளந்தேன். நாயின் தலை போகிற இடைவெளியால் அநேகமாக உடம்பும் போகும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கேற்றை மட்டும் நம்புவதில்லை. குப்பைத் தொட்டி எடுக்கும் நாளில் நாய் முதலில் அறைக்குள், அந்த அறைக் கதவு சாத்திய பிறகுதான் கேற்றில் கைவைப்போம். முன்கதவுக்கும் அதே முறை, பார்சல் கொண்டுவருபவருக்குக் கதவு திறக்கும்போதுதான் பல நாய்கள் ஓடுகின்றன. தீபாவளியிலிருந்து நவம்பர் முதல் வாரம் முடியும்வரை, இருட்டிய பிறகு மிளகு பின்வளவுக்குப் போவதென்றாலும் கழுத்தில் கயிற்றோடுதான். வாணம் விடுவது நாங்களாக இருந்தாலும் சரிதான்.

திங்கள் இரவுகளில் இப்போதும் குப்பைத் தொட்டியை நான்தான் உருட்டுகிறேன். உள்ளே வந்ததும் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போவார். கேற்றை ஒருதரம் இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்கும். நான் ஏற்கெனவே இழுத்துப் பார்த்துவிட்டேன் என்று அவரிடம் சொல்வதில்லை.